பச்சை நிற வரி

தம்பியின் உதவித்தொகை விண்ணப்பத்தை அனுப்பிவிட்டதாக அக்கா மூன்று நாளாகச் சொந்தபந்தம் முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையதளம் முழுக்க அவளுக்குத் தெரியாத மொழி. கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்ததும், முடிந்தது என்று மூடிவிட்டாள்.

இன்று விண்ணப்பத்தின் நகல் எடுக்கப் போனபோது கம்ப்யூட்டர் சென்டர்காரர் கேட்டார்: "விண்ணப்ப எண் எங்கம்மா?"

"அப்படி எதுவும் வரலையே அண்ணா."

அவர் பக்கத்தை மொழிபெயர்த்துக் காட்டினார். பச்சை வரி: 'வரைவு சேமிக்கப்பட்டது.' மேலே நிலை: 'சமர்ப்பிக்கப்படவில்லை.' அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணிக்குக் கெடு. இன்னும் இருபதே நிமிடம்.

கட்டாயம் நிரப்ப வேண்டிய, சிவப்பு நட்சத்திரமிட்ட கட்டங்களில் ஒன்று காலி. அப்பாவின் வருமானச் சான்றிதழ் கோப்பு பெரிதாக இருந்ததால் ஏறவே இல்லை. சென்டர்காரர் அதை அவள் போனிலிருந்து எடுத்துச் சுருக்கி ஏற்றியதும்தான் சமர்ப்பிக்கும் பொத்தானுக்கு உயிர் வந்தது. அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்ப எண் வந்தது.

தம்பி போனில் கேட்டான்: "அக்கா, எங்க இருக்கே? நகல் எடுக்க இவ்ளோ நேரமா?"

"ஒண்ணுமில்லடா. மூணு நாளா ஊரெல்லாம் சொன்னதை இப்பத்தான் செஞ்சேன்."