கட்டை விரல் தெரிந்த படம்

மோட்டார் நிறுத்துமிடத்தில் ஹெல்மெட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு போனில் எங்கள் மருத்துவமனை வார்டு குரூப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். படம் இல்லை. நேற்றுக் காலை நான் போட்ட படம். அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் போட்ட 'தேங்க்ஸ் ரூபினி'யும் கும்பிடு போட்ட கைகளும் இருந்தன அல்லவா, அவையும் இல்லை. யாராவது அழித்திருந்தால் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரியாவது மிச்சம் இருக்கும். அதுவும் இல்லை. நான் அதைப் போடவே இல்லை என்பதுபோல் குரூப் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. போன மாதம் வேறு வார்டில் யாரோ ஒரு நோயாளியின் காலைப் படம் எடுத்து அனுப்பி, அது வெளியே போய்ப் பெரிய ரகளையாகிவிட்டது. உடனே எல்லா வார்டு குரூப்பிலும் இருபத்து நான்கு மணி நேரத்தில் செய்திகள் தானாக மறையும்படி தலைமைத் தாதியான சிஸ்டர் மாற்றிவைத்தார். பகலில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள். எனக்கு அது ஒரு தூக்கமும் ஒரு ஷிப்டும். காலையில் போட்டேன், வீட்டுக்குப் போய் விழுந்தேன், எழுந்து வேலைக்கு வந்தேன், ராத்திரி முழுக்க ஓடினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் காலாவதி ஆகிவிட்டது. மறையக்கூடாது என்றால் யாராவது அந்தப் படத்தை அழுத்திப் பிடித்து, வைத்துக்கொள் என்று ஒரு தட்டு தட்டியிருக்கலாம். அதற்கு ஒரு விநாடி ஆகும். எட்டுப் பேரில் ஒருத்திக்கும் அந்த விநாடி கிடைக்கவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பரீட்சை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான ஓராண்டுப் படிப்புக்கு மருத்துவமனை அனுப்பப்போவது இரண்டு பேரை. எழுதுகிறவர்கள் ஏழு பேர். மருந்துக் கணக்குத் தாளில் ஒன்று தப்பினாலும் வெளியே. போன வருஷம் நான் அப்படித்தான் வெளியே போனேன். இந்த வருஷமும் போனால் இன்னும் எத்தனை வருஷம் ராத்திரி வார்டில் கிடப்பேன் என்று தெரியாது. இரவு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதால் என்னை அங்கேயே வைத்துக்கொள்ள எல்லோருக்கும் ஆசை.

அந்தத் தாளைப் பயிற்சியாளர் நுஸ்ரத் கொடுத்தார். ஒரே ஒரு தாள். "படம் எடுத்துக்கிட்டுத் திருப்பிக் குடுத்துடுங்க, அடுத்த வார்டுக்கும் வேணும்" என்றார். இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தேன். மருந்துக் குப்பியை உடைத்தபோது கீறிய கட்டை விரல், பிளாஸ்திரியோடு ஓரத்தில் விழுந்திருந்தது. பரவாயில்லை என்று குரூப்பில் போட்டேன். என் போன் அண்ணன் வைத்திருந்து கழித்தது, எப்போதும் இடமில்லை இடமில்லை என்று முனகும். குரூப்பில்தான் இருக்கிறதே என்று போனிலிருந்த படத்தை அழித்தேன். குப்பைக் கூடையையும் காலி செய்தேன். இவ்வளவு சுத்தமாக நான் வீட்டைக்கூட வைத்ததில்லை.

கேள்வி ரத்த அழுத்தத்தை ஏற்றும் டோபமின் மருந்து பற்றியது. அறுபது கிலோ எடையுள்ள ஆள். கிலோவுக்கு நிமிடத்துக்கு ஐந்து மைக்ரோகிராம். இருநூறு மில்லிகிராம் மருந்து, ஐம்பது மில்லி டெக்ஸ்ட்ரோஸ். மருந்து ஏற்றும் பம்பை மணிக்கு எத்தனை மில்லியில் ஓட விடுவாய்? நிமிடத்துக்கு முந்நூறு மைக்ரோகிராம், மணிக்குப் பதினெட்டாயிரம், அதாவது பதினெட்டு மில்லிகிராம். ஒரு மில்லியில் நான்கு மில்லிகிராம் மருந்து. பதினெட்டை நான்கால் வகுத்தால் 4.5. தூக்கக் கலக்கத்திலும் எனக்கு வரும் கணக்கு. ஆனால் தாளின் அடியில் நுஸ்ரத் பென்சிலில் 4.95 என்று எழுதியிருந்தார். ஏன் என்று அப்போது யோசிக்கத் தெம்பு இல்லை, எழுந்து பார்ப்போம் என்று விட்டேன். இப்போது விடை ஞாபகம் இருக்கிறது, கேள்வி முழுசாக ஞாபகம் இல்லை. அதில் ஏதோ ஒன்றை நான் படிக்காமல் தாண்டியிருக்கிறேன். அதுவே பிற்பகலில் வந்தால் மறுபடியும் தாண்டுவேன். நுஸ்ரத்துக்குப் போன் போட்டேன், போனை அடைத்து வைத்திருந்தார். பரீட்சை அன்று அப்படித்தான் செய்வார்.

குரூப்பில் எழுதினேன்: 'நேத்து நான் போட்ட டோபமின் படம் யாராச்சும் வச்சிருந்தா அனுப்புங்க, அவசரம்.' ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார்கள். யார் யார் பார்த்தார்கள் என்று போன் பெயரோடு காட்டியது. பதில் ஒன்றுகூட இல்லை. நேற்று எனக்குக் கும்பிடு போட்ட கைகள் எல்லாம் இன்று எங்கே போயின என்று தெரியவில்லை. ஹெல்மெட்டை மாட்டும்போது வார் இரண்டு தடவை நழுவியது.

மாசாயில் நானும் பிரேமலாவும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரே வருஷம் தாதிப் பயிற்சி முடித்தவர்கள். அவள் பகல் வேலை, அதே பரீட்சை. நான் உள்ளே போனபோது குளித்துவிட்டு, ஈரத் தலையோடு ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"பிரேமா, அந்தப் படம் உன் போன்ல இருக்கா?"

"எந்தப் படம்?"

"டோபமின்."

"அதுவா. அலமாக், நானும் காலைல தேடினேன் டி, காணோம். டைமர்ல போயிருச்சு லா."

"உன் போன்லதான் வர்ற படமெல்லாம் தானா கேலரில விழுமே."

"நான் அதை ஆஃப் பண்ணி ரொம்ப நாளாச்சு." ரொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "விடு, அதே கேள்வியா வரப்போகுது? உக்காரு, உனக்கும் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்."

உட்கார்ந்து சாப்பிட்டேன். பசி அப்படி. அவள் வாங்கி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே, இவள் நல்லவள், மற்றவர்கள்தான் மோசம் என்று நினைத்துக்கொண்டேன். அதை இப்போது நினைத்தால் இன்னும் எரிகிறது.

அறையில் காற்றாடியைப் போட்டுக்கொண்டு ஒரு காகிதத்தில் 4.95-ஐத் தலைகீழாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது லோஷினி தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். எங்கள் வார்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், பண்டார் தெங்காரா ஊர்க்காரி. அவள் பரீட்சை எழுதவில்லை, அடுத்த வருஷத்துக்காக இப்போதே படிக்கிறாள். படம் வந்தது. என் கட்டை விரல், என் பிளாஸ்திரி. அப்பாடா என்று மூச்சு விட்டேன். படத்துக்குக் கீழே இரண்டு வரி இருந்தது: 'இது ஏன் 4.95? தெரிஞ்சா சொல்லு. ரூபினிகிட்ட கேட்டுடாதே, அவ உஷார் ஆயிடுவா.'

மேலே 'முன்னனுப்பப்பட்டது' என்ற குறி. அந்த இரண்டு வரி லோஷினி எழுதியது அல்ல. படத்தை முன்னனுப்பினால் அதோடு ஒட்டிய எழுத்தும் கூடவே போகும், வேண்டாமென்றால் அனுப்புவதற்கு முன் நாம்தான் எடுக்க வேண்டும். லோஷினி எடுக்க மறந்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் படம் மறைந்து, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஆனது. ஒரு நிமிடத்தில் மறுபடியும் அதே படம், இந்தத் தடவை எழுத்து இல்லாமல்.

லோஷினியைக் கூப்பிட்டேன். எடுத்ததும் அழுகிற குரல்.

"அக்கா, நீங்க பாத்துட்டீங்களா?"

"யார் உனக்கு அனுப்பினது?"

"நேத்து மத்தியானம் பிரேமலாக்கா அனுப்பினாங்க. எனக்கும் தெரியலக்கா, நான் ஒண்ணும் சொல்லல. நீங்க குரூப்ல கேட்டும் யாரும் குடுக்கலையா, மனசு கேக்கல. அவங்ககிட்ட சொல்லிடாதீங்கக்கா. நாளைக்கு அவங்கதான் எனக்கு இன்சார்ஜ்."

"சொல்லல, வை."

சுவருக்கு அந்தப் பக்கம் பிரேமலாவின் தலை உலர்த்தும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அந்த மிஷினைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. ஒரே சோற்றுப் பானை, ஒரே துணிக்கொடி. அவளுக்கு டெங்கி வந்தபோது நான் விடுப்பு போட்டு உட்கார்ந்திருந்தேன். என் கையால் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு என்னிடமே இல்லை என்கிறாள், ரொட்டியும் வாங்கி வைக்கிறாள். போகவில்லை. முதலில் கேள்வியைப் பார் என்று எனக்கு நானே சொன்னேன், இல்லாவிட்டால் இன்றைக்கும் தோற்பேன்.

படத்தைப் பெரிதாக்கினேன். கண்ணில் பட்டது. மருந்துக் குப்பியில் ஐந்து மில்லி. எங்கள் வார்டில் ஐம்பது மில்லி பையிலிருந்து முதலில் ஐந்து மில்லியை உறிஞ்சிக் கொட்டிவிட்டுத்தான் மருந்தைச் சேர்ப்போம், மொத்தம் ஐம்பதிலேயே நிற்கும். கை அப்படியே பழகிவிட்டதால் கண் படிப்பதே இல்லை. இந்தக் கேள்வியில் எதையும் எடுக்கவில்லை. ஐம்பது மில்லி நிறைந்த பைக்குள் ஐந்தையும் அப்படியே போடுகிறார்கள். மொத்தம் ஐம்பத்தைந்து. மருந்து நீர்த்துப் போகிறது, ஒரு மில்லியில் நான்கு மில்லிகிராம் இல்லை, மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். அதே பதினெட்டு மில்லிகிராம் போக வேண்டுமென்றால் பம்ப் கொஞ்சம் வேகமாக ஓட வேண்டும். 4.95. இவ்வளவுதான். நான் 4.5 என்று வைத்திருந்தால் அந்த ஆளுக்கு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு மருந்து குறையும், ரத்த அழுத்தம் ஏன் ஏறவில்லை என்று எல்லோரும் தலையைச் சொறிவோம்.

பதினொன்றரைக்குப் படுத்து, கண்ணை மூடாமல் கிடந்து எழுந்தேன். சேர்ந்து எங்கே போனாலும் போகிற மாதிரி அவளுடைய மைவி காரில்தான் போனோம். தனியாக மோட்டாரில் போக நினைத்தேன்தான். ஆனால் தூக்கமில்லாமல் பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லோரிகளுக்கு நடுவே மோட்டார் ஓட்ட எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

பாதி தூரம் வந்திருப்போம். அப்புறம் அவள் ரேடியோவைக் குறைத்தாள்.

"ரூபி, ஒண்ணு கேக்கவா. அந்த டோபமின்ல விடை 4.95னு ஞாபகம் இருக்கு. எனக்கு எப்படிப் போட்டாலும் 4.5தான் வருது. உனக்குத் தெரியுமா?"

"வண்டிய ஓரமா நிறுத்து."

"என்ன டி, வாந்தி வருதா?"

"நிறுத்து."

ஓரம் கட்டினாள். லோரிகள் போகும்போதெல்லாம் வண்டி ஆடியது. நான் போனைத் திறந்து படத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இது யாரோட கட்டை விரல்?"

அவள் பார்த்தாள். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அறைந்திருப்பேன்.

"எனக்கும் ஒரே சான்ஸ்தான் ரூபி," என்றாள். "நீ எப்படியும் பாஸ் பண்ணிடுவ."

"போன வருஷம் பண்ணேனா?"

அவள் முகம் கறுத்து, உதடு காய்ந்து போயிருந்தது. சிக்னல் விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. இவள் இந்தப் பரீட்சையில் தோற்றாலும் நாளைக் காலை வார்டுக்கு வருவாள். ஏதோ ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் பம்பின் பொத்தானை அமுக்குவாள். அந்த நினைப்பு வந்ததும் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. இவளை அப்படியே விட்டுவிடக்கூட எனக்கு வழியில்லை.

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அவளுடைய இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து பிடுங்கி, வார்டில் நாங்கள் பிரஷரை எழுதிக்கொள்ளும் இடத்தில், உள்ளங்கையில், அழுத்தி எழுதினேன். 50 + 5. அவள் முகம் சுளித்தாள், கையை இழுக்கவில்லை.

"உள்ள போறதுக்கு முன்ன கழுவிடு," என்றேன். "இதையும் வச்சுக்கிட்டு இல்லன்னு சொல்லாத."

அவள் சிக்னலை மாற்றி வண்டியை எடுத்தாள். மருத்துவமனை வரும்வரை அந்தக் கையின் விரல் நுனிகளால் மட்டும் ஸ்டியரிங்கைத் தொட்டபடி, உள்ளங்கை எதிலும் படாமல் ஓட்டினாள்.