நடுவில் ஒரு மேடு

எண்ணூர்க் கரைக்குக் கூப்பிடு தூரத்தில், கடலரிப்பைத் தடுக்கக் கல் ஏற்றி வந்த தட்டை மிதவையான பார்ஜ் இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. மேல்தளம் முழுக்க ஆளுயரப் பாறைகள். அடியில், பம்ப் அறையில், டெபோராவின் தம்பி ஜோ இருந்தான். அவன் ஏறி வரவேண்டிய ஒரே கதவு வலப்பக்க ஓரத்தில் இருந்தது.

மிதவைகளின் சமநிலையைக் கணக்குப் போடுவதுதான் டெபோராவின் உத்தியோகம். பார்ஜுக்குத் தலைவர் ராயபுரத்து பாஸ்கல். சேற்றுமேட்டில் தட்டாமல் போகவேண்டும் என்று அடித்தொட்டிகளில் இருந்த தண்ணீரைக் காலி செய்யச் சொன்னவர் அவரே. அடியில் காற்று, தலையில் பாறை, கெட்டிக்காரத்தனம்தான்.

வலப்பக்கத் தொட்டியில் தண்ணீர் ஏற்றினால் நிமிர்ந்துவிடும் என்றார் பாஸ்கல். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். டெபோராவும் தலையாட்டப் போனாள். அப்போதுதான் அவர் போகிற போக்கில் சொன்னார்: காலையில் வலப்பக்கம் சாய்ந்திருந்ததாம், ஒரு இழுவைப் படகின் அலை பட்டதும் இந்தப் பக்கம் விழுந்ததாம்.

"அதே அளவுக்கா, அண்ணா?"

"அச்சு அசல் அதே அளவுதாம்மா."

டெபோரா பாறைகளை ஒருமுறை பார்த்தாள். கல் ஒருபக்கம் கூடியிருந்தால் பார்ஜ் அந்தப் பக்கம் மட்டும்தானே சாயும்?

வால்வுகளுக்கு ஜோ வேண்டும் என்பதால் மற்ற ஆட்களை மட்டும் படகில் இறக்கிவிடச் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். ஒவ்வொரு சாய்வுக்கும் பார்ஜின் நிலை ஆற்றல் எவ்வளவு என்று கோடு வரைந்தாள். ஒழுங்கான மிதவைக்கு நடுவில், நிமிர்ந்த நிலையில், ஒரே பள்ளம் இருக்கும். இதற்கு நடுவில் மேடு. இருபக்கமும் ஒவ்வொரு பள்ளம். பார்ஜ் ஒரு புள்ளி என்றால், அது இடப்பள்ளத்தின் அடியில் கிடந்தது. மேட்டு உச்சியிலும் விசை பூஜ்யம்தான், ஆனால் அங்கே நிறுத்தினால் ஒரு மூச்சுக் காற்றுக்கே உருண்டுவிடும். நிமிர்ந்து நிற்பது இந்தப் பார்ஜால் ஆகாத காரியம்.

பாஸ்கலிடம் திரையைக் காட்டினாள். வலப்பக்கம் தண்ணீர் ஏற ஏற இந்த இடப்பள்ளம் தூர்ந்துகொண்டே வரும். தூர்ந்ததும் புள்ளி நடுவைத் தாண்டி வலப்பள்ளத்துக்குள் பாயும். பாய்கிற வேகத்தில் அடியில் நிற்காது. எதிர்ச்சரிவில் ஏறி, வேகம் தீரும் இடத்தில்தான் திரும்பும். அது திரும்பும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். கதவு தண்ணீருக்குள் போகும் சாய்வு அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது.

"அது திரும்பும் அண்ணா. ஆனா அதுக்குள்ள ஜோ இருக்கற ரூம்ல கடல் பூந்துடும்."

"அப்போ இன்னாதான் பண்றது?"

"சாஞ்ச பக்கத்துத் தொட்டிய மொதல்ல ரொப்பணும்."

பாஸ்கல் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.  புள்ளி இருக்கும் பள்ளத்திலேயே இருக்கும், அடி கனக்கக் கனக்க நடுமேடு கரையும் என்று சொன்னாள். முதலில் சாய்வு கூடும், பதினைந்து டிகிரியில் நிற்கும் என்றும் சொன்னாள். அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஜோவோடு பேசும் வாக்கி-டாக்கியை அவள் கையில் கொடுத்தார்.

பதினைந்தில் நிற்கும் என்று ஜோவுக்கும் சொன்னாள். அவன் இடப்பக்க வால்வைத் திறந்தான். பழைய வால்வு, கை எடுத்தால் மூடிக்கொள்ளும்.

சாய்வு காட்டும் முள் பதின்மூன்றுக்கு வந்தது. பதினான்கு. பாறைகளுக்கு இடையில் ஏதோ முனகியது. பதினைந்தில் நிற்கவில்லை. பதினாறு. இடப்பக்க விளிம்பில் அலை ஏறி இறங்கியது. பாதி நிறைந்த தொட்டியில் தண்ணீர் சாய்வுப் பக்கமே ஓடி மேட்டை உயர்த்தும். அதைக் குறைத்துக் கணக்கிட்டுவிட்டாள்.

"கூப்டு அவன, மேல வரச் சொல்லு" என்றார் பாஸ்கல்.

வாக்கியின் பொத்தானில் அவள் விரல் இருந்தது. அவன் கையை எடுத்தால் தொட்டி பாதியிலேயே நிற்கும். எல்லாவற்றிலும் மோசமான இடம் அதுதான்.  அவள் பொத்தானை அழுத்தவில்லை.

பதினேழு. முள் அங்கேயே நின்றது. அப்புறம், மனசில்லாமல் வருவதுபோல, பதினாறுக்கு வந்தது.

இடத்தொட்டி நிறைந்தபின் புதுக்கோடு வரைந்தாள். நடுமேடு காணோம், இடப்பக்கம் தள்ளி ஒரே பள்ளம். இனி வலத்தொட்டியை நிரப்பலாம். மெல்ல மெல்லப் பள்ளம் நடுவுக்கு நகர்ந்தது, பார்ஜும் கூடவே நிமிர்ந்தது.

வலப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஜோ வந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"நீ கூப்புடுவன்னு வாக்கியவே பாத்துகினு இருந்தேங்கா. ஏன் கூப்புடல?"

வால்வைப் பற்றியும் பாதித் தொட்டியைப் பற்றியும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

"பதினஞ்சுல நிக்கும்னு தெரிஞ்சிதான விட்ட?"

டெபோரா லேப்டாப்பை மூடினாள். 

"பதினேழு வரைக்கும் போச்சி ஜோ" என்றாள்.