சச்சிதானந்தனின் வெளியீட்டு அறிவித்தல்

நான்காவது திருத்தமும் வந்து சேர்ந்தபோது றஜீனா தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். கிங்ஸ்பரியில் வீட்டிலிருந்தபடியே சிறு பதிப்பகம் நடத்துகிறவள் அவள். சச்சிதானந்தனின் முதல் நாவல் வெளியீட்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவர் எழுதிய அறிவித்தலோ இன்னமும் ‘புலம்பெயர் இலக்கியத்தின் விடிவெள்ளி, சொல்லின் வேந்தர்’ என்றே தொடங்கியது. அவள் வெட்டிய இரண்டு அடைமொழிகளுக்குப் பதிலாக மூன்று முளைத்திருந்தன.

மறுநாள் அவரை வீட்டுக்கே வரச் சொன்னாள்.

“அண்ணை, வட்ஸ்அப்பில முதல் கொஞ்ச வரிதான் தெரியும். மிச்சத்தை அமத்தித்தான் பாக்கோணும். அந்தக் கொஞ்ச வரியிலயும் நீங்கள்தான் நிக்கிறியள். கதை எங்கை?”

“கதையைச் சொன்னா ஆர் வாங்குவினம்?”

“முடிவைக் கேக்கேல்லை. ஆருக்கு என்ன சிக்கல் வருது, அதைச் சொல்லுங்கோ.”

“ஆழமான மனித உணர்வுகளை…”

“ஐயோ, அண்ணை! உதை எந்தப் புத்தகத்துக்கும் சொல்லலாம்.”

அவளே தட்டெழுதி வாசித்துக் காட்டினாள்.

“அகதி வழக்கு விசாரணை. ஓர் இளைஞன் தன் கதையைச் சொல்கிறான். மொழிபெயர்ப்பாளர் குலேந்திரன் திடுக்கிடுகிறார். அது இருபது வருடத்துக்கு முன் தன் வழக்கில் அவரே சொன்ன கதை. ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பதாக அவர் உறுதி கொடுத்திருக்கிறார். அது இரவல் கதை என்று சொன்னால் பையனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.”

சச்சிதானந்தன் முகம் வெளிறியது. “உதைப் போடாதேங்கோ, பிள்ளை. நானும் இருபத்திரண்டு வருசம் அந்த வேலை செய்தனான். நடந்த கதையோ எண்டு ஆக்கள் கேப்பினம்.”

“நடந்ததோ?”

“இல்லை. ஆனா ஒவ்வொரு நாளும் நடந்திடுமோ எண்டு பயந்துகொண்டு இருந்தனான்.”

றஜீனாவுக்குக் கோபம் இறங்கிப்போனது. இத்தனை பட்டங்களுக்குப் பின்னால் மனிதர் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்.

“கற்பனைக் கதை எண்டு போடுவம். அதுக்குக் கீழ ‘இருபத்திரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவரின் முதல் நாவல்’. உங்களைப் பற்றி அவ்வளவும் காணும்.”

அவர் அதை இன்னொரு தரம் வாசித்துப் பார்த்தார். “சரி. சொல்லின் வேந்தர் மட்டும் கடைசியில ஒரு மூலையில…”

“ஏலாது.”

திகதி, நேரம், மண்டபத்தின் முகவரி சேர்த்து மாலையில் அனுப்பினாள். அடுத்த நாள் காலை சச்சிதானந்தன் அழைத்தார். குரலில் ஒரே சலிப்பு.

“விடிஞ்சதில இருந்து போன், பிள்ளை. டூட்டிங்கில இருந்து ஆரோ நிர்மலனாம், முன்பின் தெரியாது. அந்தப் பெடியனைத் திருப்பி அனுப்பினவங்களோ எண்டு கேட்டு விடுறானில்லை.”

றஜீனாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. “பாத்தியளோ! நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“பாவமாக் கிடந்தது. முடிவைச் சொல்லிப்போட்டன்.”

“அண்ணை!” என்று றஜீனா கத்தினாள். “வெளியீடு முடியுமட்டும் இனி ஒரு போனும் எடுக்காதேங்கோ!”