போகாத டிக்கெட்டின் வரி

என் கணவர் வாசுவைக் கஞ்சன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கஞ்சனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஹோட்டலுக்குப் போனால் பத்துப் பேர் சாப்பிட்ட பில்லை இவரே கட்டிவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு வருவார். ஆனால் உபயோகிக்காத ஒன்றுக்கு எவனாவது காசைப் பிடித்துக்கொண்டான் என்று தெரிந்தால் மனிதருக்குத் தூக்கம் வராது. அந்தக் காசு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற அவசியமும் கிடையாது.

துபாய் கராமாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் இது எல்லோருக்கும் தெரியும். லிஃப்டில் வைத்தே இவரைப் பிடித்துக்கொள்வார்கள். கீழ்த்தளத்து பாச்சிலர் ரூமில் இருக்கும் ஏசி டெக்னீஷியன் பத்திநாதனை அப்படித்தான் ஒருநாள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பத்திநாதனுக்குக் கடைசி நேரத்தில் லீவ் கேன்சல். டிக்கெட்டோ நான்-ரீஃபண்டபிள்.

"ஒண்ணும் கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க அண்ணே. போனது போனதுதான்" என்றான் அவன்.

"யாரு சொன்னது? நான்-ரீஃபண்டபிள்ங்கறது டிக்கெட் விலைக்குய்யா. ஏர்போர்ட் வரி வேற. அது ஏர்லைனோட காசே இல்ல. நீ ஏர்போர்ட்ல நடந்தா ஏர்போர்ட்காரனுக்குக் கட்டணும்னு உன்கிட்ட வாங்கி வச்சிருக்கான். நீதான் நடக்கவே இல்லையே?"

"இல்ல."

"அப்ப திருப்பிக் குடுன்னு கேளு. கேட்டாத்தான் குடுப்பான். கேக்காம விட்டா அவனா கூப்பிட்டு ஞாபகப்படுத்த மாட்டான். ஆனா ஃப்ளைட் கிளம்பறதுக்கு முன்னாடியே கேன்சல் பண்ணிடு. சும்மா போகாம இருந்துட்டீன்னா நோ-ஷோன்னு போட்டு சில கம்பெனிக்காரன் அதையும் முழுங்கப் பாப்பான்."

ஃப்யூவல் சர்சார்ஜ் என்று ஒன்று போட்டிருக்கிறதே, அதுவும் வருமா என்று பத்திநாதன் கேட்டான். இவர் முகம் சுருங்கிவிட்டது. அது வரி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும், ஆனால் கம்பெனிக்காரன் போட்டது, இந்த மாதிரி டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் திரும்ப வராது என்று விளக்கினார். துக்கம் விசாரிக்கிற குரலில் விளக்கினார்.

இதையெல்லாம் நான் டீ போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறேன். எங்கள் பையன் நிதின் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கேட்க வேறு எதுவும் இல்லை.

இந்த வருஷம் எனக்கு வேலை போயிற்று. தேராவில் ஒரு இன்டீரியர் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டுச் சொன்னார்கள். நல்ல மாதிரிதான் சொன்னார்கள், கேக் கூட வெட்டினார்கள். மெட்ரோவில் வரும்போது அழவில்லை. வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லிவிட்டு அழலாம் என்று வைத்திருந்தேன்.

அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேலை போயிடுச்சுங்க."

கை அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தார். "லீவ் சேலரி கேட்டியா? கிராஜுவிட்டி கணக்கு எழுத்துல வாங்கிட்டியா?"

வாங்கிவிட்டேன் என்றேன். "குட்" என்றார். அப்போது அவர் போன் அடித்தது. யாரோ ஒருவருக்கு ஹோட்டல் ரூம் டெபாசிட் திரும்ப வரவில்லையாம். பேசிக்கொண்டே பால்கனிக்குப் போய்விட்டார். நான் மிச்சமிருந்த மாவை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய கணக்கில் வர வேண்டியது வந்துவிட்டது, ஃபைல் முடிந்தது. இந்த மனுஷனுக்கு எது உடைந்தாலும் அதில் எவ்வளவு திரும்ப வரும் என்றுதான் தெரியும், உடைந்தது எது என்று தெரியாது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை நேராக நாங்கள் வழக்கமாக டிக்கெட் எடுக்கும் டிராவல் ஏஜென்சிக்குப் போய், வெள்ளிக்கிழமைக்குத் திருச்சிக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன். இருப்பதிலேயே மலிவானது. ரொக்கமாகக் கட்டினேன். திருச்சியில் என் தம்பி வீடு இருக்கிறது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

புதன்கிழமை பெட்டி கட்டலாம் என்று போனால், பெட்டி அலமாரிக்கு மேலே இருக்கிறது. எனக்கு எட்டவில்லை. அவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வந்தார். இறக்கிக் கொடுத்தார். ஈரத்துணி எடுத்து வந்து தூசியையும் துடைத்தார்.

"சக்கரம் ஒண்ணு ஆடுது பாரு. வாரண்டி இருக்கான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெட்டி எதற்கு என்று கேட்கவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமாகப் போகலாம், அழுதுகொண்டு போகலாம். விட்டுப் போகிறேன் என்பதே தெரியாத ஆளை விட்டுவிட்டு எப்படிப் போவது? எனக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை காலை ஏஜென்சிக்குப் போய் டிக்கெட்டைக் கேன்சல் செய்யச் சொன்னேன்.

அங்கே சதீஷ்குமார் என்று ஒரு பையன், பல வருஷமாகப் பழக்கம். "மேடம், இது லோயஸ்ட் ஃபேர். ஒண்ணும் வராது" என்றான்.

"ஏர்போர்ட் டாக்ஸ் வருமில்ல?"

என் வாயிலிருந்துதான் வந்தது. சத்தியமாக நான் அதை யோசித்துக் கேட்கவில்லை. சதீஷ்குமார் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"சார் ட்ரெய்னிங்கா மேடம்?" என்றான். "வரும். ஆனா ஆறிலேர்ந்து எட்டு வாரம் ஆகும். நாங்க ஏர்லைனுக்கு அனுப்பணும், அவங்க செக் பண்ணி அப்ரூவ் பண்ணணும், எங்களுக்கு வரணும், அப்புறம்தான் உங்களுக்கு. ஏர்லைன் வெப்சைட்ல கார்டு போட்டு எடுத்திருந்தா ரெண்டு மூணு வாரத்துல அந்தக் கார்டுக்கே போயிருக்கும். எங்க சர்வீஸ் சார்ஜ் நாப்பது வேற கழியும்."

சார்ஜ் போகக் கைக்கு எண்பத்தைந்து திர்ஹாம் வரும் என்றான். அதை விட்டுத் தொலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நான் நடக்காத ஏர்போர்ட்டுக்கு நான் ஏன் கட்ட வேண்டும்? அனுப்பு என்றேன். "வந்தா என் நம்பருக்குக் கூப்பிடுங்க. சாருக்குத் தெரிய வேண்டாம்" என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

அதன் பிறகு நான் நிம்மதியாக இல்லை. அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று ஒரு பயம். தெரிந்தால் என்ன செய்வார் என்று நினைத்தால் அதைவிடப் பயம். அழுதாலோ கத்தினாலோ தாங்கிக்கொள்வேன். "கேன்சல் பண்ணதுல எவ்வளவு வந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டால் அத்தோடு முடிந்தது, அடுத்த டிக்கெட்டை யாராலும் கேன்சல் செய்ய முடியாது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பெட்டியை மறுபடி மேலே ஏற்றவில்லை. அவரும் அது ஏன் கீழேயே இருக்கிறது என்று கேட்கவில்லை. சக்கரத்துக்கு வாரண்டி முடிந்துவிட்டதாம், அதை மட்டும் வருத்தத்தோடு சொன்னார்.

வாரங்கள் போயின. நான் நாலைந்து கம்பெனிக்கு சிவி அனுப்பினேன். சதீஷ்குமார் லீவில் ஊருக்குப் போனான். அது எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. ரீஃபண்ட் விஷயமாக வரும் அழைப்புகளை அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். வெற்றிச் செய்தியை வீடே கேட்க வேண்டும்.

"வாசு சாரா? டிராவல்ஸ்லேர்ந்து நஸீஹா பேசறேன் சார், புதுசா சேர்ந்திருக்கேன். மேடத்தோட டாக்ஸ் ரீஃபண்ட் வந்திருக்கு. ஃபைல்ல உங்க நம்பர்தான் இருந்துச்சு."

"எந்த மேடம்?"

"வசந்தகுமாரி மேடம். திருச்சி டிக்கெட், கேன்சல் பண்ணினாங்களே."

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

பாவம், பழக்கம் முந்திக்கொண்டது. "எவ்வளவு வந்திருக்கு?" என்றார் போனில்.

நூற்றிருபத்தைந்து, சார்ஜ் போக எண்பத்தைந்து என்றாள் அந்தப் பெண்.

"இல்லையேம்மா, கம்மியா இருக்கே. இது துபாய் பக்கத்து வரி மட்டும்தான். திருச்சிலேர்ந்து கிளம்பறதுக்கும் அங்க யூசர் ஃபீ, செக்யூரிட்டி ஃபீ எல்லாம் போட்டிருப்பானே? அந்தப் பக்கத்தை விட்டுட்டான். திருப்பி அனுப்புங்க, விடக் கூடாது."

"சார், அந்தப் பக்கம் டாக்ஸே இல்ல. ஒன்-வே டிக்கெட்தானே சார் எடுத்திருந்தாங்க."

வரியைப் பற்றிய பேச்சில் அவர் வாயடைத்து நின்று நான் பார்த்ததே இல்லை. வாய் திறந்தது, ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி உதடு அசைந்தது, மூடிக்கொண்டது. "சரிம்மா" என்று போனை வைத்தார். நாற்பது திர்ஹாம் சார்ஜ் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் கத்தரிக்காயை நறுக்கி முடித்தேன். குழம்பு வைத்தேன். அவர் திரும்பி வந்தபோது சாதமும் ஆகிவிட்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் என் பக்கமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பேஸ் ஃபேர் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"சர்சார்ஜும்?"

"அதுவும்தான். நானூத்திச் சொச்சம் மொத்தமா."

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். ஏர்லைன்காரனை, ஏஜென்சியை, என்னை. அவர் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல" என்றார். "சீப்பாத்தான் முடிஞ்சிருக்கு."

இருபது வருஷத்தில் திரும்ப வராத காசைப் பற்றி அவர் பரவாயில்லை என்று சொன்னது அது ஒரு தடவைதான். குழம்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வசந்தி, அன்னிக்குப் பெட்டிய நான்தானே எடுத்துக் குடுத்தேன்?"

"ஆமா."

"தூசிகூடத் துடைச்சேன்."

"ஆமா."

பிறகு, என்னைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துக் கேட்டார்: "வேலை போன அன்னிக்கு உனக்கு எப்படி இருந்துச்சு?"

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியை வீசியிருப்பேன். "இந்த ஒரு வார்த்தை கேக்க ரெண்டு மாசம் ஆச்சு உங்களுக்கு."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார்.

"ஏஜென்சி வழியா வந்தா அவ்வளவு ஆகும்."

நான் சிரிக்கவில்லை. அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த வியாழக்கிழமை காலையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். கேக் வெட்டியது வரை வருவதற்குள் அழுதுவிட்டேன்.