ஐம்பத்தாறு நிமிடப் பாக்கி

நாற்பது வருடம் ஆலைகளில் இயந்திரங்களின் சத்தத்தைக் கேட்டே நோய் சொன்னவன் நான். ஒரு தடவை காகித ஆலையொன்றின் பம்பு போனில் பெருமூச்சு விட்டதைக் கேட்டு, அதன் நான்காவது பேரிங் ஞாயிற்றுக்கிழமை மாலை போய்விடும் என்றேன். சனிக்கிழமையே போய்விட்டது. அது அந்தப் பேரிங்கின் அவசரம்; என் தவறில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் போன் ஓயவில்லை. எல்லாம் இலவசம். சாப்பாடு ஆறும், நான் பேசுவேன். பொறுத்துப் பார்த்த என் மருமகள் ஒருநாள் கணினியோடு வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, இனிமே ஒரு மணி நேரத்துக்குக் காசு. எவ்வளவு போடலாம்?"

"ஐந்நூறு?"

"ஐந்நூறுக்கு வர்றவங்க சைக்கிள் மணி அடிக்கலன்னு கேப்பாங்க. ஒரு ஆலை ஒரு நாள் நின்னா எத்தனை லட்சம் போகும்? நீங்க பேசுறது ஒரு மணி நேரம். அதுக்கு முன்னாடி ஒலிப்பதிவைக் கேக்க, பின்னாடி எழுதிக் குடுக்க இன்னொரு மணி நேரம். ஐயாயிரம்."

"யாரு குடுப்பா?"

"குடுக்கிறவங்க மட்டும் வரட்டும்னுதானே விலை."

முன்பதிவுப் பக்கம் ஒன்றைத் தயார் செய்தாள். நான் தூங்கும் மதிய நேரம் மட்டும் அதில் அடைபட்டிருக்கும். காலியான நேரத்தைத் தேர்ந்தெடுத்து, முழுப் பணத்தையும் கட்டினால்தான் இடம் உறுதியாகும். என்ன இயந்திரம், எத்தனை வயது, என்ன சத்தம், எப்போதிலிருந்து என்று நான்கு கேள்விகள். முந்தின நாளும் ஒரு மணி நேரம் முன்பும் இரு தரப்புக்கும் நினைவூட்டல் போகும். ஒரு நாளைக்கு முன் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். அதற்குப் பிறகு பாதி. வராமலே போனால் ஒன்றுமில்லை.

நான் பெருந்தன்மையாக இன்னொரு விதியைச் சேர்க்கச் சொன்னேன். "நான் ரத்து பண்ணினா முழுப் பணமும் திருப்பி, மேல ஒரு மணி நேரம் சும்மாவே பேசறேன்னு போடும்மா. நான் எங்க ரத்து பண்ணப் போறேன்!"

இதற்கிடையில் அடுத்த அறையில் என் மனைவியின் தையல் இயந்திரம் மூன்று மாதமாகக் கடகடத்துக்கொண்டிருந்தது. ஒரு விடுதிக்கு நாற்பது திரைச்சீலைகள் தைத்துத் தர ஒத்துக்கொண்டிருந்தாள், திங்கட்கிழமை கெடு. தவறினால் அந்த விடுதி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். "கொஞ்சம் கேளுங்களேன்" என்று அவள் எத்தனையோ தடவை சொன்னாள். "நாளைக்கு" என்று நானும் சளைக்காமல் சொன்னேன்.

வியாழனன்று ஒரு பதிவு வந்தது. வெள்ளி நான்கு மணி. பணம் கட்டியாகிவிட்டது. பெயர்: பட்டறை உரிமையாளர். இயந்திரம்: சிறியது. வயது: இருபத்தாறு. சத்தம்: கடகட. எப்போதிலிருந்து: கேட்க ஆள் இல்லாத நாளிலிருந்து.

"பாவம், யாரோ" என்றேன் மனைவியிடம். "ஆமா, பாவம்தான்" என்றாள்.

வெள்ளி, மூன்று மணி நினைவூட்டலுக்கு முகம் கழுவி, சட்டை மாற்றி, நான்கு மணிக்கு இணைப்பில் ஏறினேன். எதிர்த்தரப்பின் கேமரா அணைந்திருந்தது. குரல் வரவில்லை; நேராகக் கடகட வந்தது. பொதுவாகப் போன் பேச்சை மட்டும் விட்டு, மற்ற சத்தத்தை வடிகட்டிவிடும். அந்த வசதியை அணைக்க வேண்டும் என்று, பணம் கட்டியதும் போகும் உறுதிக் கடிதத்தில் எழுதியிருப்போம். இந்த ஆள் படித்து அணைத்திருந்தார். எனக்கு மரியாதை பிறந்தது.

ஆனால் ஒவ்வொரு கடகடவும் இரண்டு தடவை கேட்டது. முதலில் சுவர் வழியாக, பிறகு காதில் மாட்டிய ஹெட்போனில். என் நாற்பது வருட அனுபவத்தைத் திரட்டி, பட்டறை பன்னிரண்டு அடிக்குள் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன்.

"ஏம்மா, நீயா? கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

"மூணு மாசமாக் கூப்பிட்டேங்க. காசு கட்டினப்புறம் சட்டையே மாத்திட்டு வந்திருக்கீங்க."

"இதை ரத்து பண்றேன், போ."

சமையலறையிலிருந்து மருமகளின் குரல் வந்தது. "மாமா! நீங்க ரத்து பண்ணினா முழுப் பணமும் திருப்பணும். மேல ஒரு மணி நேரம் இலவசம். உங்க விதிதான்."

வாயை மூடிக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு தட்டல், தப்பாமல். "ஊசிக்கு அடியில இருக்கிற தகட்டைக் கழட்டு. பாபின் கூட்டுக்குக் கீழ நூல் சிக்கியிருக்கும். எடுத்துட்டு, பஞ்சைத் தொடச்சு, ஒரு சொட்டு எண்ணெய் விடு."

கழற்றினாள். பச்சை நூல் ஒரு விரல் நீளம் வந்தது. மறுபடி ஓட்டினாள், பூனை நடப்பது போல ஓடியது. திரைச்சீலைகள் தப்பித்தன.

"நாலே நிமிஷம்! பாத்தியா?" என்று எழுந்தேன்.

"உக்காருங்க. ஒரு மணி நேரத்துக்குக் கட்டியிருக்கேன். இன்னும் அம்பத்தாறு நிமிஷம் இருக்கு."

கேமராவைப் போட்டாள். கையில் ஒரு பட்டியல் இருந்தது. குழாய் சொட்டுவதில் தொடங்கி, என் அண்ணன் மகள் கல்யாணத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தை வரை போனது. இடையில் எழ வழியில்லை. கடைசி ஐந்து நிமிடம் இயந்திரத்தை மட்டும் ஓட்டினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுப் பணம் வீட்டுக்கே வந்தது. நடுவில் பணம் வாங்கித் தரும் நிறுவனம் நூற்றுக்கு இரண்டு பிடித்துக்கொண்டது. "அநியாயம், இனிமே இப்படிப் பண்ணாதே" என்றேன்.

"சரிங்க, அடுத்த வெள்ளிக்கும் கட்டியாச்சு. அதை நீங்களே ரத்து பண்ணிடுங்க" என்றாள்.

நான் ரத்து செய்யவில்லை. வியாழன் நான்கு மணிக்கு நினைவூட்டல் வந்தபோது, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.