மரியஅந்தோணி போடாத ஓட்டு

1959இல், சிங்கப்பூரில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்த புதிதில், புக்கிட் தீமா வளாகத்தில் அரசியல் கோட்பாடு படித்துக்கொண்டிருந்தேன். ஆனர்ஸ் வகுப்பில் எனக்கு இடம் உண்டா இல்லையா என்பதை ஒரு கட்டுரை முடிவு செய்ய வேண்டியிருந்தது. தலைப்பு: ‘வாக்களிக்கும்படி குடிமகனை அரசு கட்டாயப்படுத்தலாமா?’

கட்டாயப்படுத்தலாம் என்று எழுதினேன். எதிர்த்தரப்பையும் ஒரு பத்தியில் சொல்லி மறுக்க வேண்டும் என்பது விதி. எனக்கா மறுக்கத் தெரியாது? சிராங்கூன் ரோட்டில் பொங்கல் பட்டிமன்றம் நடந்தால் கடைசிப் பேச்சாளன் நான்தான். நான் பேசி முடித்ததும் எழுந்த கைதட்டலில் பபலோ ரோட்டுப் பசு ஒன்று இரண்டு நாள் தயிராகவே கறந்தது. பால்காரர் இன்று இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

அந்தப் பழக்கத்திலேயே எழுதினேன். ‘ஓட்டுப் போட மாட்டேன் என்பவர்கள் யார்? பாயைச் சுருட்டச் சோம்பல்படுகிறவர்கள். அவர்களுக்குச் சுதந்திரம் என்றால் தலையணை.’

வெள்ளைக்கார விரிவுரையாளர் ஓரத்தில் மூன்றே வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார். ‘எதிராளியைக் கேலி செய்திருக்கிறாய், பதில் சொல்லவில்லை. இந்தப் பத்தியைத் திருத்தி வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் கொடு. இல்லையென்றால் இடமில்லை.’ அன்று புதன்கிழமை.

உணவகத்தில் வகுப்புத் தோழி பிரிஜட்டிடம் காட்டினேன், ஆறுதல் சொல்வாள் என்று நினைத்து. படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“எங்கப்பாவைத்தான் எழுதியிருக்கீங்க, மருதப்பன்.”

“உங்கப்பாவா? நான் அவரைப் பார்த்ததே இல்லையே.”

“அதான் தெரியுதே லா. போன தேர்தல்ல நின்னவங்க பேசினதெல்லாம் நோட்டுப் புத்தகத்துல எழுதி வச்சுப் படிச்சார். யாருமே தகுதி இல்லன்னு முடிவு பண்ணி வீட்லயே இருந்தார். விடியக்காலை அஞ்சு மணிக்குப் பூசைக்குப் போற மனுஷன். அவரா பாயைச் சுருட்டாதவர்?”

காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு அவரைப் பற்றிக் கேட்டேன். அவருடைய பெயர் மரியஅந்தோணி. பள்ளி ஆசிரியர்.

“சரி, அவர் பக்கத்தைச் சொல்லுங்க. நான் குறுக்கே பேசல.”

என் வாழ்நாளில் நான் குறுக்கே பேசாமல் இருந்தது அந்த இருபது நிமிடம்தான். அதைப் பார்க்கத் தோ பாயோவிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள் என்பார்கள். நான் எண்ணவில்லை.

இரவெல்லாம் எழுதி, மறுநாள் மரத்தடியில் அவளிடம் நீட்டினேன். ‘வாக்குரிமை என்பது கருத்தைச் சொல்லும் உரிமை. பேசும் உரிமை உள்ளவனுக்குப் பேசாமலிருக்கும் உரிமையும் உண்டு. எல்லோரையும் ஆராய்ந்து நிராகரித்தவனின் மௌனமும் ஒரு தீர்ப்பு. அவனைச் சாவடிக்கு இழுப்பது அந்தத் தீர்ப்பைப் பறிப்பதாகும்.’

“இது எங்கப்பா,” என்றாள் பிரிஜட். “இப்ப மறுங்க பார்ப்போம்.”

“சாவடிக்கு வரச் சொல்லுது சட்டம். உள்ளே போனா மறைவு. வெறுந்தாளை மடிச்சுப் போட்டா யாருக்குத் தெரியும்? உங்கப்பா மௌனம் அப்படியே இருக்கும்.”

“அந்தத் தாளைச் செல்லாத ஓட்டோட சேர்த்துடுவாங்க. குறி போடத் தெரியாதவரும் எங்கப்பாவும் ஒண்ணா?”

மேடையாக இருந்தால் குரலை உயர்த்தித் தப்பித்திருப்பேன். மரத்தடியில் அது நடக்காது.

“ஒண்ணு இல்ல. அதை ஒத்துக்கிட்டே எழுதறேன்,” என்றேன். “ஆனா வீட்ல இருந்தா மட்டும் அவர் தீர்ப்பு யாருக்குக் கேக்குது? தூங்கினவர், காசு வாங்கிட்டு வராதவர், குண்டர் மிரட்டி வராதவர், உங்கப்பா, எல்லாரும் வராதவங்க கணக்குல ஒண்ணு. எல்லாரும் வந்தே ஆகணும்னா, வராதேன்னு விலை பேசறவனுக்கும் மிரட்டறவனுக்கும் வேலை கஷ்டமாகும்.”

“அதுக்காக எங்கப்பாவோட ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்கலாம். காலைப் பொழுதை மட்டும். மனசை இல்ல.”

சொன்ன பிறகுதான் விளங்கியது: என் கட்டுரையின் முதல் வரியே இனி நிற்காது. வாக்களிக்கக் கட்டாயப்படுத்தலாம் என்று தொடங்கியிருந்தேன். நான் காப்பாற்றக்கூடியது அதைவிடச் சிறியது. ‘சாவடிக்கு வரும்படி அரசு கட்டாயப்படுத்தலாம், தேர்ந்தெடுக்கும்படி அல்ல.’ பட்டிமன்றத்தில் இப்படிப் பாதியைக் கொடுத்தால் தோற்றவன் என்பார்கள். பரவாயில்லை என்று முதல் வரியை அடித்தேன். தலையணையையும் அடித்தேன். அது கொஞ்சம் வலித்தது.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்குக் கொடுத்தேன். விரிவுரையாளர் நின்றபடியே படித்தார். எதிர்த்தரப்பு வந்ததும் உட்கார்ந்தார்.

“இதைப் படிக்கும்போது நீ தோற்றுவிடுவாய் என்று நினைத்தேன்,” என்றார் ஆங்கிலத்தில்.

“நானும்தான், சார்.”

மறுப்பை இரண்டு முறை படித்துவிட்டு, ஆனர்ஸ் பட்டியலை இழுத்து என் பெயரை எழுதினார்.

வெளியே காத்திருந்த பிரிஜட்டிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். பிறகு பையிலிருந்து, அப்பா கைப்பட எழுதிய மூன்று பக்கங்களை எடுத்தாள்.

“அந்தக் காலைப் பொழுது விஷயம்,” என்றாள். “எங்கப்பா இன்னும் ஒத்துக்கல. உக்காருங்க.”