ஒன்றரை மாதத்துக்கு ஒரு ஆள்

பள்ளிச் சீருடைக் கடைக்கு வருஷத்தில் ஒன்றரை மாதம்தான் வாழ்வு. மற்ற நாட்களில் ஒரு பெல்ட், ஒரு ஜோடி சாக்ஸ், கிழிந்துபோன டவுசருக்குப் பதில் இன்னொன்று என்று கடை பேருக்கு மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். பள்ளி திறக்கும் சமயம் வந்தால், ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் ஒரே ராத்திரியில் வளர்ந்துவிட்டதுபோல் கூட்டம் நெரியும். அதுவும் மாலை நேரத்திலும் சனி, ஞாயிறிலும்தான்.

கடை அக்கா தங்கை இருவருடையது. அக்கா அளவெடுப்பாள், தங்கை பில் போடுவாள். சரக்கை இறக்கி, பிரித்துக் காட்டி, மறுபடி மடித்து அடுக்க அந்தப் பருவத்துக்கு மட்டும் ஒரு ஆள் வைப்பார்கள். இந்த வருஷம் மடிக்கத் தெரிந்த ஆள் மட்டும் போதாது. வெளியூரில் இருக்கும் அக்காவின் மகளுக்கு முதல் பிரசவம். நாள் குறித்துக் கொடுத்திருப்பது சரியாகப் பள்ளி திறக்கிற வாரத்தில்.

"நீ வரமாட்டேம்மா. கடை இருக்கே" என்று மகள் போனில் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அக்காவும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் அக்காவுக்கு ஆறவில்லை.

நம்பி விட்டுப்போக ஓர் ஆள் கிடைத்தால் அவள் ரயில் ஏறலாம். கிடைக்காவிட்டால், அளவெடுப்பதையும் பில்லையும் தங்கை ஒருத்தியால் சமாளிக்க முடியாது. போன வருஷம் எடுத்த பையன் முதல் வகுப்பில் தேறியவன், பேச்சில் தேன். பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை அவன் வரவில்லை, போனையும் அணைத்துவிட்டான். அன்று கடைக்குள் நின்ற கூட்டத்தைத் தங்கை இன்றும் சொல்லிச் சொல்லி மாய்வாள்.

ஆகவே இந்த முறை தங்கையின் கணவர் உதவிக்கு வந்தார். அக்கா அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாள். ஒரு பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை. கூட்டமில்லாத ஒரு பிற்பகலில், துணி வெட்டும் மேசைமேல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வந்திருந்த ரெஸ்யூம்களை அச்செடுத்து வைத்திருந்தார்கள்.

"படிப்புக்கு முப்பது மார்க், அனுபவத்துக்கு நாப்பது, கம்ப்யூட்டர் தெரிஞ்சா பத்து" என்றார்.

"தம்பி, வந்து நிக்கிறதுக்கு எத்தனை?" என்று கேட்டாள் அக்கா.

"அது... ரெஸ்யூம்ல எப்படிக்கா தெரியும்?"

"அப்போ பாக்கி இருபதை அதுக்கு ஒதுக்கிட்டு, மீதி எண்பதைக் குப்பையில போடுங்க."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, உங்க ஆபீஸ்ல இப்படி யாராவது பேசியிருக்காங்களா?"

"ஆபீஸ்ல எல்லாரும் மரியாதை தெரிஞ்சவங்க" என்றார் அவர். ஆனால் அக்கா சொன்னதைக் கட்டத்தில் குறித்துக்கொண்டார்.

முதலாவதாக இருந்தது வணிக மேலாண்மை படிக்கும் ஒரு பெண்ணின் ரெஸ்யூம். இரண்டு பக்கமும் பளபளவென்று இருந்தன. தங்கை அந்தக் கல்லூரியின் பெயரைப் பார்த்துவிட்டுப் போனில் தேடினாள். கடையில் கூட்டம் நெரிகிற நாட்களுக்கு நடுவில்தான் தேர்வு. "பாவம், நல்ல பொண்ணு. பரீட்சைக்குப் போவாளா, பாவாடை மடிப்பாளா?" என்று அதை ஓரமாக வைத்தாள்.

அடுத்தது 'எந்த நேரமும், எந்த நாளும் வரத் தயார்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"போன வருஷத்துப் பையனும் இதையேதான் எழுதினான்" என்றாள் அக்கா.

"எழுதினதுக்காகத் தள்ளிட முடியாதுக்கா" என்றார் தம்பி. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஆனா இவர் இப்போ ஒரு இடத்துல முழுநேர வேலையில இருக்கார், ஆறு மணிக்குத்தான் முடியுது. வீடு ஊருக்கு அந்தப் பக்கம். பஸ் ஏறி இங்க வந்து சேர்றதுக்குள்ள கூட்டமே கலைஞ்சிருக்கும். போன் பண்ணி, எந்தக் கிழமை எத்தனை மணியிலிருந்துன்னு குறிப்பா கேட்டுப் பாக்கலாம்."

கேட்டார்கள். வேலையை விடுவதாக இருக்கிறேன், விட்டதும் சொல்கிறேன் என்று பதில் வந்தது.

இப்படிப் பார்த்துப் பார்த்து மேசையில் இரண்டு குவியல் ஆனது. வேண்டாத குவியல்தான் உயரமாக இருந்தது. அதன் உச்சியில் ஒரு பெண்ணின் ஒரு பக்க ரெஸ்யூம் கிடந்தது. பார்த்ததுமே அவசரமாகத் தள்ளியிருந்தார் தம்பி.

"இது ஏன்?" என்றாள் அக்கா.

"தவளைக்கா அது. மூணு மாசம் ஒரு இடம், ஒன்றரை மாசம் ஒரு இடம், மறுபடி ரெண்டு மாசம் இன்னொரு இடம். நடுவுல வெறும் இடைவெளி. ஒரு இடத்துலயும் தரிக்கல. படிப்பும் பள்ளிக்கூடத்தோட சரி."

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தாள். ஐஸ்கிரீம் கடை, மூன்று மாதம். புத்தகக் கண்காட்சி அரங்கு, சில வாரம். கேக் கடை, வருஷக் கடைசியில். பிறகு இடைவெளி. பிறகு ஐஸ்கிரீம் கடை. விரலை மெல்லக் கீழே நகர்த்தினாள்.

"தம்பி, தவளை எங்க தாவுது? போன இடத்துக்கே திரும்பித் திரும்பி வருது பாருங்க. அதே ஐஸ்கிரீம் கடை, வெயில் வந்தா. அதே கேக் கடை, வருஷம் முடிஞ்சா."

அவர் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "அட, ஆமா. எங்க ஆபீஸ்ல நிரந்தர வேலைக்கு வர்ற ரெஸ்யூமைத்தான் பாத்துப் பழக்கம். இந்த மாதிரி வந்தா கண்ணு தானா கீழே தள்ளிடுது." சற்று யோசித்துவிட்டு, "இடைவெளின்னா சீசன் இல்லைன்னு அர்த்தம். பிடிக்காத ஆளை யாரும் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க" என்றார்.

பக்கத்தின் அடியில் வர முடிந்த நேரம் எழுதியிருந்தது: மாலையில் எல்லா நாளும், புதன்கிழமை தவிர. புதன் முடியாது.

"புதன்கிழமை என்னவாம்? குழந்தை கிழந்தை இருக்கோ? வீட்டுக்காரர் என்ன..." என்று தங்கை ஆரம்பித்தாள்.

"அதைக் கேக்கக்கூடாதும்மா. மத்த நாள் நிச்சயமா முடியுமான்னு கேளு, அது நமக்குப் பாத்தியதை. புதன் அவங்க சொந்த விஷயம்" என்றார் தம்பி.

முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கலாம் என்று ஐஸ்கிரீம் கடைக்காரரின் எண்ணை அந்தப் பெண்ணே ரெஸ்யூமில் கொடுத்திருந்தாள். அக்கா அடித்தாள். ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"அந்தப் பொண்ணா?" என்றது ஒரு கனமான குரல். "சுமார்தாங்க."

தங்கையின் முகம் விழுந்தது.

"லேட்டா வருவாளா?" என்று கேட்டாள் அக்கா.

"லேட்டெல்லாம் இல்ல."

"சொல்லாம லீவு போடுவாளா?"

"போட மாட்டா. உடம்புக்கு முடியலன்னாகூட காலையிலேயே சொல்லிடுவா."

"கை சுத்தமில்லையா?"

"சேச்சே! பாவத்தைக் கட்டிக்காதீங்க!"

"அப்புறம் எதுலங்க சுமார்?"

மறுமுனையில் குளிர்பெட்டியின் கதவை அடித்து மூடும் சத்தம் கேட்டது.

"நீங்க என்ன கடைம்மா?" என்றார் அவர், குரல் இறங்கி.

"சீருடைக் கடை. ஒன்றரை மாசத்துக்குத்தான்."

"வருஷம் முழுக்க இல்லையே? நிரந்தரமா இழுத்துக்க மாட்டீங்களே?"

"எங்களுக்கே வருஷம் முழுக்க வேலை இல்லைங்க."

"அதை முதல்லயே சொல்லக்கூடாதா? தங்கமான பொண்ணும்மா. நல்லவிதமா சொல்லிச் சொல்லித்தான் போன வருஷம் ஒரு ஆளைப் பறிகொடுத்தேன்."

தம்பி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்துக் குலுங்கினார்.

மறுநாள் அவள் வந்தாள். முப்பதைத் தாண்டியிருக்கும். சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பே வந்து, வாசலில் நிழலில் நின்றுவிட்டு, சரியான நேரத்துக்கு உள்ளே நுழைந்தாள். சம்பளம் பேசினார்கள், ஒப்புக்கொண்டாள். பிறகு அவளே சொன்னாள்:

"ஒண்ணு மட்டும் இருக்குக்கா. இந்த மாசம் முடியிற வரைக்கும் ஞாயித்துக்கிழமை ஐஸ்கிரீம் கடைக்கு வர்றேன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு மட்டும் இங்க வர முடியாது."

"ஞாயித்துக்கிழமைதானே எங்களுக்குக் கூட்டமே!" என்று தங்கை படபடத்தாள். "அவர்கிட்ட சொல்லிட்டு வந்துடேன். கூடப் போட்டுத் தர்றோம்."

"சொல்லியாச்சேக்கா" என்றாள் அவள். மன்னிப்புக் கேட்கிற தொனியும் இல்லை, வீம்பும் இல்லை. கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதம் முடிகிறவரை அக்கா ஊரில்தான் இருப்பாள். பள்ளி திறக்கிற வாரம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

"இன்னிக்கு நமக்காக அவரை விட்டுட்டு வந்தா, நாளைக்கு யாருக்காகவோ நம்மையும் விடுவா" என்று தங்கையின் காதோடு சொன்னாள். பிறகு உரக்க, "அந்த ஞாயிறெல்லாம் நம்ம தம்பி மடிப்பார்" என்றாள்.

"நானா?" என்றார் தம்பி.

"எண்பது மார்க் வீணாக்கினீங்கள்ல, அதுக்கு."

அவர் மடித்த சட்டைகளைத் தங்கை ஒவ்வொரு ஞாயிறும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் மறுபடி மடித்தாள். ஒரு நாளும் அவரிடம் சொல்லவில்லை. அதற்குள் வேலைக்கு வந்தவள் மற்ற நாட்களில் அக்காவுக்குப் பக்கத்திலேயே நின்று அளவெடுக்கவும் பழகிக்கொண்டாள். மார்பளவுக்கு இரண்டு விரல் தளர்த்தி எடுக்க வேண்டும், குட்டைப் பாவாடை வேண்டுமென்று அழும் பிள்ளையின் அம்மாவைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்பதையெல்லாம் அக்கா சொல்லிக் கொடுத்தாள். முதல் நாள் ஓரிரு அளவு தப்பியது. மறுநாள் தப்பவில்லை.

அக்கா ரயில் ஏறினாள். குறித்த நாளுக்குக் கொஞ்சம் முன்பே பேத்தி பிறந்தாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை மாலை, மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. போன வருஷத்துச் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. மறுபடி அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை எடுத்தது தங்கை அல்ல. பின்னால் சந்தை இரைச்சல். ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"அக்கா, நான்தான். கூட்டம் தெருவரைக்கும் நிக்குது. அவசரமா ஏதாவது?"

"இல்லம்மா, சும்மாதான்..."

"அப்போ அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிட்டாள்.

அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா?" என்றாள் மகள்.

"கடை."

"என்னவாம்?"

"நான் வேண்டாமாம்" என்றாள் அக்கா. குழந்தையைக் கொடு என்று இரண்டு கையையும் நீட்டினாள்.